அண்ணாச்சி போன் கேமராவும் எட்டெழுத்துக் குறியீடும்

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டிடிபி வேலை பார்க்கிறேன். எங்கள் கடைக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில்தான் வரும். ஆதார் நகல், ரெஸ்யூம், கல்யாணப் பத்திரிகை மேட்டர் என்று எல்லாம் கடை நம்பருக்கு அனுப்பிவிட்டு, "அனுப்பியாச்சு, பிரிண்ட் போடுங்க" என்று வாசலில் வந்து நிற்பார்கள். கடை நம்பர் இருக்கும் போன் அண்ணாச்சியிடம் இருக்கும். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் எப்போதும் திறந்திருக்கும்.

போன வருடம் ஒரு முகூர்த்த நாள். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் முந்தின இரவே போய்விட, காலையில் புதிது வந்து இறங்கியது. அண்ணாச்சியும் மதினியும் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, புதுக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பை இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கடைக்கு வந்தார்கள். ஒரு நிமிட வேலை என்றுதான் நினைத்தோம்.

அண்ணாச்சி போனின் பின்பக்கக் கேமராவில் கண்ணாடி விரிசல் விட்டு ரொம்ப நாள் ஆகிறது. விரிசல் வழியாக ஈரமோ எண்ணெயோ இறங்கி, உள்ளே புகை படிந்த மாதிரி இருந்தது. அவர் போட்டோ எடுப்பவர் இல்லை என்பதால் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. இப்போது திரையில் இருந்த கியூஆர் கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்தால் வெறும் சாம்பல் மூட்டம். லென்ஸைத் துடைத்தோம், மானிட்டர் வெளிச்சத்தைக் கூட்டினோம், கன்ட்ரோலோடு பிளஸ் தட்டிக் கட்டத்தைப் பெரிதாக்கினோம். செல்ஃபி கேமராவுக்கு மாற்ற வழி இருக்கிறதா என்று தேடினோம், கிடைக்கவில்லை. அதற்குள் அந்தக் கட்டம் தானாக மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கட்டமும் சில விநாடிகள்தான் உயிரோடு இருக்கும். சில தடவை மாறியபின் அதுவும் களைத்துப்போய், மறுபடி ஏற்றச் சொல்லி நின்றுவிடும்.

இதில் ஒரு சோதனையை முதலிலேயே செய்திருக்கலாம். போனின் சாதாரணக் கேமராவைத் திறந்து தினத்தாளின் சின்ன எழுத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எழுத்து தெளிவாகத் தெரிந்து, வாட்ஸ்அப்பில் மட்டும் கறுப்பாக இருந்தால் அது அனுமதிப் பிரச்சினை. போனின் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்புக்குக் கேமரா அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டிலும் மங்கலாக இருந்தால் கண்ணாடியோ ஃபோகஸோ போய்விட்டது, அதற்குமேல் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. நாங்கள் கால் மணி நேரம் துடைத்தோம்.

"ஏ தம்பி, முகூர்த்தம் போயிரும்டே. நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று அண்ணாச்சி பஸ் ஏறிவிட்டார். அவருடைய சொந்த நம்பரும் அதே போனில் இருந்ததால் போனை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. வாசலில் நாலு பேர் நின்றார்கள். அவர்களை என் சொந்த நம்பருக்கு அனுப்பச் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கடை நம்பருக்கு ஏற்கெனவே வந்திருந்த ஃபைல்களை என்ன செய்வது?

கட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு சின்ன வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. `Log in with phone number` என்றோ `Link with phone number` என்றோ இருக்கும், பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுகிறது. 2023-லிருந்து இருக்கிற வசதி. தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவன் நான், அதுவரை ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. அழுத்தினால் நாட்டையும் போன் நம்பரையும் கேட்கிறது. கொடுத்ததும் பெரிய எழுத்தில் நாலு நாலாகப் பிரித்து ஒரு குறியீடு வந்தது. இந்த மாதிரி:

```
B7KT-4PVD
```

பேச்சில் எல்லோரும் இதை எட்டு இலக்கம் என்கிறோம். பார்த்தால் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து இருக்கிறது. வாட்ஸ்அப்பைப் போனில் முதன்முதலாகப் போடும்போது எஸ்எம்எஸ்ஸில் வருவது ஆறு இலக்கம், அதில் எண் மட்டும்தான். அது வேறு, இது வேறு. அது கணக்கையே இன்னொரு போனுக்கு மாற்றுகிற சாவி. இது, கணக்கு போனிலேயே இருக்க, பக்கத்தில் இன்னொரு கருவியைச் சேர்த்துக்கொள்கிற சாவி. இந்த எட்டெழுத்து எஸ்எம்எஸ்ஸில் வருவதில்லை. புதுக் கருவியின் திரையில் தோன்றும், அதைப் போனில் தட்ட வேண்டும். இந்தத் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்படியானால் அண்ணாச்சி பஸ்ஸில் இருந்தால் என்ன? கூப்பிட்டுச் சொல்லிவிடலாமே என்று போன் போட்டேன். மூன்று இடத்தில் இடித்தது.

முதல் இடி, அவர் போனுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. குறியீடு கேட்டவுடன் போனில் "புதுக் கருவியை இணைக்கக் குறியீட்டைத் தட்டுங்கள்" என்கிற பொருளில் ஒரு அறிவிப்பு வர வேண்டும். அதைத் தொட்டால் கேமரா பக்கமே போகாமல் நேராக எட்டெழுத்தைத் தட்டுகிற கட்டங்கள் திறக்கும். கேமரா போன போனுக்கு அதுதான் சுகமான வழி. வராததற்குக் காரணம் நான்தான். அவருடையது இரண்டு சிம் போன். டேட்டா ஓடுவது ஒரு சிம்மில், நான் கூப்பிட்டது இன்னொரு சிம்முக்கு. பல போன்களில் இரண்டாவது சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது முதல் சிம்மின் டேட்டா நின்றுவிடும். பேச்சை நிறுத்தினால்தான் அறிவிப்பு வரும், நிறுத்தினால் குறியீட்டைச் சொல்ல ஆளில்லை! மதினியின் போனுக்குக் கூப்பிட்டு, அதை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அண்ணாச்சியின் போன் சும்மா கையில் இருந்தது. ஒரு நிமிடத்தில் அறிவிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது, எழுத்துகள். "பி, ஏழு, கே, டி, நாலு, பி, வி, டி" என்று சொன்னேன். நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழ்க் காதுக்கு B-யும் பி, P-யும் பி. T-யும் டி, D-யும் டி. எட்டு எழுத்தில் நாலு எழுத்து குழப்பம். பஸ் சத்தத்தில் வி வேறு பி மாதிரிக் கேட்கிறது. அண்ணாச்சி தட்டினார், தவறு என்றது. மறுபடி தட்டினார், மறுபடி தவறு. நானும் அவசரத்தில் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுக் குறியீடு வாங்கினேன். அங்கே அவர் பழையதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தைத் தொட்டிருக்கவே கூடாது. குறியீடு அந்த நேரத்தில் திறந்திருக்கும் அந்தத் தாவலுக்கு மட்டும் உரியது. மூடினாலோ புதுப்பித்தாலோ செத்துவிடும், வேறு வாங்க வேண்டும். இப்படி அடுத்தடுத்து வாங்கினால் ஒரு கட்டத்தில் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்லிக் கதவைச் சாத்திவிடும். எங்களுக்கும் சாத்தியது. அந்த இடைவேளையில் ஒரு டீ குடித்துவிட்டு, எழுத்துக்கு ஒரு ஊர் என்று மதினியும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். B என்றால் பாம்பே, P என்றால் பழனி, T என்றால் தென்காசி, D என்றால் டெல்லி, V என்றால் வள்ளியூர், N என்றால் நாகர்கோவில், M என்றால் மதுரை. ஊர் பெயரில் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தக் குறியீட்டில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது, அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதில் 32 வகை எழுத்துகள்தான் வரும். பூஜ்யமும் O-வும் வராது. I வராது, U-வும் வராது. பார்த்தால் ஒன்றுபோல் இருப்பவற்றை வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார்கள். அதனால் வட்டமாகத் தெரிவது Q-வாகவோ D-யாகவோதான் இருக்க வேண்டும், நேர்க்கோடாகத் தெரிவது எண் 1. கண்ணுக்கு உதவி செய்திருக்கிறார்கள், காதுக்குத்தான் ஊர் பெயர் தேவைப்படுகிறது.

மூன்றாவதுதான் உண்மையான இடி. அடுத்த குறியீடு `3VNP-H8DT`. மூணு, வள்ளியூர், நாகர்கோவில், பழனி, ஹைதராபாத், எட்டு, டெல்லி, தென்காசி. மதினி திருப்பிச் சொன்னார், எல்லாம் சரி. அண்ணாச்சி தட்டினார். இணைக்க முடியவில்லை என்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு, "அண்ணாச்சி, எந்த வாட்ஸ்அப்ல தட்டுதீங்க?" என்று கேட்டேன்.

"பச்சைல."

இரண்டும் பச்சைதான். அவர் போனில் சொந்த நம்பருக்குச் சாதாரண வாட்ஸ்அப்பும் கடை நம்பருக்கு வாட்ஸ்அப் பிசினஸும் இருந்தன. நான் குறியீடு வாங்கியது கடை நம்பருக்கு. பேச்சுக்கு நடுவே முதலில் வந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டு, அவர் தன் சொந்த வாட்ஸ்அப்பின் மெனு வழியாக உள்ளே போயிருக்கிறார். அங்கேயும் `Linked devices` இருக்கும், எட்டுக் கட்டமும் இருக்கும், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நம்பர் வேறு. குறியீடு எந்த நம்பருக்கு வாங்கப்பட்டதோ அந்த நம்பரின் வாட்ஸ்அப்பில்தான் செல்லும். ஐகானில் போன் ரிசீவர் இருந்தால் சாதாரணம், B என்ற எழுத்து இருந்தால் பிசினஸ்.

இதைத் தொலைவிலிருந்து சரிபார்க்க எளிய வழி, குறியீட்டைச் சொல்வதற்கு முன் அந்த ஆப்பின் செட்டிங்ஸில் சுயவிவரத்தைத் திறந்து, அங்கே இருக்கும் நம்பரைப் படிக்கச் சொல்வது. போனுக்குள் இருக்கும் சிம் நம்பரைக் கேட்காதீர்கள். சிம் மாற்றிய பிறகும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் போன்களை எங்கள் கடையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பக்கம் நம்பரைத் தட்டும்போது நாடு இந்தியா என்று தேர்ந்துவிட்டால் பத்து இலக்கம் மட்டும் போதும். முன்னால் பூஜ்யமோ இன்னொரு 91-ஓ வேண்டாம்.

அண்ணாச்சி B போட்ட ஐகானைத் திறந்தார். ஆண்ட்ராய்டு போன் என்பதால் மேலே மூன்று புள்ளி, `Linked devices`, `Link a device`. ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸுக்குள் இருக்கும். அடுத்து போன் பூட்டைக் கேட்டது. காகிதம் புரட்டிப் புரட்டி ரேகை தேய்ந்த கை என்பதால் கைரேகை ஏற்கவில்லை, பேட்டர்ன் போட்டார். கேமரா திறந்தது, அதே சாம்பல் மூட்டம். அதன் அடியில் `Link with phone number instead`. அதைத் தொட்டதும் எட்டுக் கட்டம். மறுபடி ஊர் ஊராகச் சொன்னேன். தென்காசி வந்து நின்றதும் என் திரையில் குறியீடு மறைந்து, உரையாடல்கள் இறங்க ஆரம்பித்தன.

"போனை அணைச்சிராதீங்க, வாட்ஸ்அப் அப்படியே திறந்து இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். பழைய உரையாடல்களைப் புதுக் கம்ப்யூட்டருக்குத் தருவது போன்தான். பாதியில் நெட் போனால் இங்கே இறங்குவதும் பாதியில் நிற்கும். பஸ் வள்ளியூர் தாண்டுவதற்குள் எனக்கு வேண்டிய ஃபைல்கள் வந்துவிட்டன.

அன்று இரவு அண்ணாச்சி திரும்பியதும் `Linked devices` பட்டியலைத் திறந்து பார்த்தோம். செத்துப்போன பழைய கம்ப்யூட்டர் அதில் அப்படியே இருந்தது. போனைத் தவிர நாலு கருவிகள்தான் சேர்க்கலாம், எனவே பழையதைத் தொட்டு வெளியேற்றினோம். ஹார்ட் டிஸ்க்கைப் பழுதுக்கோ எடைக்கோ போடுவதாக இருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அப்புறம் 14 நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. போனில் அத்தனை நாள் வாட்ஸ்அப்பையே திறக்காவிட்டால் சேர்த்த கருவிகள் எல்லாம் தானாக வெளியேறிவிடும். எங்கள் கடையில் அதற்கு வாய்ப்பே இல்லை.

கியூஆர் இருக்க இந்தக் குறியீடு எதற்கு என்று நானும் பின்னால் யோசித்தேன். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது புதுக் கம்ப்யூட்டரின் பொதுச் சாவிகள், அதாவது அதை அடையாளம் காட்டிச் செய்தியைப் பூட்ட உதவும் நீண்ட எண்கள். போன் அதைக் கண்ணால் பார்த்து வாங்குவதால், நடுவில் யாரும் சாவியை மாற்றி வைக்க முடியாது. கேமரா இல்லாவிட்டால் அந்தச் சாவி வாட்ஸ்அப்பின் சர்வர் வழியாகத்தான் போனுக்குப் போயாக வேண்டும். நடுவில் இருப்பவர் கை வைக்காமல் இருக்க, கம்ப்யூட்டர் இந்த எட்டெழுத்தைத் தானே உருவாக்கி, அதைக் கொண்டு பூட்டி அனுப்புகிறது. பூட்டிய பெட்டி ஒரு வழியில் போகிறது, திறக்கும் எட்டெழுத்து மனிதன் வாய் வழியாகப் போகிறது. 32 வகை எழுத்தில் எட்டு இடம் என்றால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். குறியீடு உயிரோடு இருக்கும் கொஞ்ச நேரத்தில் யாரும் ஊகித்துத் தட்டிவிட முடியாது.

ஆனால் யாரும் ஊகிக்கத் தேவையில்லை என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது.

எங்களிடம் பென்ஷன் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்க வரும் ஒரு ஆச்சி, போனை நீட்டி, "இதுல என்னமோ கேக்குதுய்யா, நம்பர் போடச் சொல்லுதான்" என்றார். பார்சல் ஆபீஸிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். விலாசத்தை உறுதி செய்ய, போனில் வரும் அறிவிப்பைத் தொட்டுத் தான் சொல்லும் எழுத்துகளைப் போடச் சொல்லியிருக்கிறான். ஆச்சிக்கு ஆங்கில எழுத்து சரியாக வராததால் கடைக்கு வந்துவிட்டார். திரையில் அதே எட்டுக் கட்டம்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று அண்ணாச்சிக்கு நான் செய்தது எழுத்துக்கு எழுத்து இதேதான். நான் ஒரு பிரவுசரில் அவர் நம்பரைத் தட்டினேன், எட்டெழுத்து என் திரையில் வந்தது, போனில் சொன்னேன், அவர் போட்டார், அவருடைய மொத்த வாட்ஸ்அப்பும் என் முன்னால் விரிந்தது. கியூஆர் என்றால் திருடன் தன் திரையை ஆச்சியின் கேமராவுக்கு முன்னால் எப்படியாவது கொண்டுவர வேண்டும். எட்டெழுத்து என்றால் ஒரு போன் கால் போதும்.

"ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு தெரியும்யா. ஆனா அவன் எங்கிட்ட எதுவுமே கேக்கலையே, அவன்தானே சொன்னான்?" என்றார் ஆச்சி. சரியான கேள்வி. ஓடிபி எச்சரிக்கை எல்லாம் நம்மிடமிருந்து வெளியே போவதைப் பற்றியது. இங்கே எதுவும் வெளியே போவதில்லை, குறியீடு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. யாருக்கும் சொல்லாதே என்ற பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவரும் விழுவார். ஆச்சிக்கு நான் சொன்னது ஒன்றுதான்: நீங்களே திறந்த திரையில், உங்கள் கண்ணால் பார்த்த எழுத்தைத் தவிர வேறு யார் சொன்ன எழுத்தையும் அந்தக் கட்டத்தில் போடாதீர்கள்.

இதே வித்தை 2025 கடைசியில் கோஸ்ட்பேரிங் என்ற பெயரில் பேசப்பட்டது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் டிசம்பரில் எச்சரிக்கை விட்டது. அதில் போன் காலுக்குப் பதிலாக, தெரிந்தவரிடமிருந்தே "உன் போட்டோவைப் பார்த்தேன்" என்று ஒரு லிங்க் வரும். திறந்தால் நம்பரைக் கேட்கும், பிறகு அந்தப் பக்கமே எட்டெழுத்தைக் காட்டி வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். இங்கே எழுத்தை நம் கண்ணால்தான் பார்க்கிறோம், ஆனால் நாம் வாட்ஸ்அப் வெப்பைத் திறக்கவில்லை. திறந்தது திருடன்.

போட்டுவிட்டால் எப்படித் தெரியும் என்றால், தெரியாது என்பதுதான் கஷ்டம். ஆறு இலக்கம் பறிபோனால் நம் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், உடனே புரியும். எட்டெழுத்தில் போன் வழக்கம்போல வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் நாம் வைத்திருக்கும் ஆறு இலக்கப் பின் இதைத் தடுக்காது, அது புதுப் போனில் கணக்கைப் பதிவு செய்யும்போது கேட்பது. பார்க்க வேண்டிய ஒரே இடம் `Linked devices` பட்டியல். எந்த பிரவுசர், கடைசியாக எப்போது இயங்கியது என்று அங்கே இருக்கும். தெரியாதது இருந்தால் தொட்டு வெளியேற்றலாம். அதற்குள் அவன் படித்ததும் இறக்கியதும் திரும்பி வராது. ஆச்சியின் பட்டியலில் நல்ல வேளையாக ஒன்றுமில்லை.

அதன் பிறகு எங்கள் கடையில் முறையை மாற்றினோம். குறியீடு சொல்ல நான் கூப்பிடுவதில்லை. கடைக்கு அண்ணாச்சிதான் கூப்பிடுவார், தனக்குத் தெரிந்த நம்பருக்கு. ஊர்ப் பட்டியலை ஒரு அட்டையில் பிரிண்ட் போட்டு மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

கேமராக் கண்ணாடியை மட்டும் அவர் மாற்றவே இல்லை. "அதான் எட்டெழுத்து இருக்குல்லா" என்பார். கடையில் காசு வாங்குகிற கை என்பதால் ஸ்கேன் செய்யும் தேவையே அவருக்கு வரவில்லை. கடைசியில் ஒருநாள் எதிர் டீக்கடையில் ஆறு டீயும் வடையும் சொல்லிவிட்டு, சில்லறையும் இல்லாமல், கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைக்கு முன்னால் போனைத் துடைத்துத் துடைத்து நின்றிருக்கிறார். மறுநாளே கண்ணாடி மாற்றக் கொடுத்துவிட்டார்.